முதலில் நீராவியை அளந்து பாருங்கள், மின்சாரத்தைப் பிறகு பேசுவோம்

யாழ் மாவட்டத்துப் பால் பதனிடும் கூட்டுறவுச் சங்கங்களின் பணிப்பாளர் சபை உறுப்பினர்களுக்கும், காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் என்று பேசப்படும் கைத்தொழில் வலயங்களில் துணி ஆலையோ சாயத் தொழிற்சாலையோ தொடங்க எண்ணியிருப்போருக்கும்,

வணக்கம்.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததே, அந்தக் காலத்திலிருந்து எங்கள் ஊர்த் தொழிற்சாலைக் கூட்டங்களில் ஒரு யோசனை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. "எப்படியும் நீராவிக்காக விறகோ உமியோ எரிக்கிறோம். அதே நெருப்பில் மின்சாரமும் எடுத்தால் என்ன?" என்பதுதான் அது. யோசனை நல்லது. உலகத்தில் நெடுங்காலமாக நடப்பதும் கூட. பெல்வத்தை சீனி ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் ஒன்றாக எடுக்கிறார்கள். ஆனால் இந்த யோசனையோடு சேர்ந்து சில விலைமனுக்களும் சுற்றுகின்றன. எனக்குக் காட்டப்பட்ட இரண்டு மூன்றில் எல்லாமே முதல் பக்கத்தில் "இத்தனை கிலோவாற்" என்றுதான் தொடங்குகின்றன. உங்களுக்கு எத்தனை தொன் நீராவி வேண்டும், எத்தனை மணிக்கு வேண்டும் என்ற கேள்வி ஒன்றிலும் இல்லை. அந்தக் கேள்வி இல்லாத விலைமனுவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் தெற்கில் ஒரு துணி ஆலையின் கொதிகலன் பகுதியில் பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். யாருக்கும் இயந்திரம் விற்பவன் இல்லை.

விஷயம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். சாயத் தொட்டியைச் சூடாக்கவும், துணியை உலர்த்தவும், பாலைக் காய்ச்சவும் 3 அல்லது 4 பார் அழுத்தத்தில் உள்ள நீராவி போதும். ஆனால் கொதிகலனை யாரும் 4 பாரில் ஓட்டுவதில்லை. 10 பாரில் ஓட்டி, குழாய் வழியில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வைப் போட்டு 4 பாருக்கு இறக்குகிறோம். அந்த வால்வில் அழுத்தம் வீணாகப் போகிறது. வெப்பம் போகவில்லை, அது அப்படியே கீழே வந்துவிடுகிறது. வேலை செய்யக்கூடிய அழுத்தம் மட்டும் ஒரு சீறல் சத்தத்தோடு தொலைகிறது. அந்த வால்வு இருக்கும் இடத்தில் ஒரு சிறு நீராவிச் சுழலியை வைத்தால், அழுத்தம் இறங்கும் வழியில் சுழலியைச் சுற்றிவிட்டு இறங்கும். கீழே வரும் நீராவி முன்போலவே சாயத் தொட்டிக்குப் போகும். இதைத்தான் பின்னழுத்தச் சுழலி என்பார்கள். பெரிய மின் நிலையங்களில் போல, வேலை முடிந்த நீராவியைக் குளிர்நீரில் போட்டுத் தண்ணீராக்கி வெப்பத்தைக் கொட்டிவிடுவதில்லை. இங்கே உங்கள் சாயத் தொட்டிதான் அந்தக் குளிர்விக்கும் தொட்டி.

ஒரு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 4 தொன் நீராவி கேட்கும் நடுத்தரச் சாயத் தொழிற்சாலை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் உமி, கொதிகலனின் திறன் 75 சதவீதம். 10 பாரில் நீராவி எடுத்து வால்வில் இறக்கினால் மணிக்கு ஏறக்குறைய 985 கிலோ உமி போகும். இப்போது அதே தொழிற்சாலைக்கு 30 பார், 350 பாகை மிகைவெப்ப நீராவி, அதாவது ஈரம் இல்லாமல் மேலும் சூடேற்றிய நீராவி தரும் கொதிகலனை வைத்து, இடையில் ஒரு பின்னழுத்தச் சுழலியைப் போடுகிறோம். இந்த அளவுச் சிறிய சுழலி பெரிய கெட்டிக்காரன் இல்லை. நீராவியில் எடுக்கக்கூடியதில் பாதியைத்தான் எடுக்கும். அப்படி வைத்துக்கொண்டாலும் மணிக்கு 215 அலகு அளவில் மின்சாரம் வரும். உமி மணிக்கு 1,065 கிலோவுக்குச் சற்று மேலே போகும். ஆகக் கூடுதலாக எரிந்தது 80, 85 கிலோ. ஓர் அலகு மின்சாரத்துக்கு 400 கிராம் உமி.

இதே உமியை மின்சாரத்துக்கென்று மட்டும் ஒரு சிறிய நிலையத்தில் எரித்தால் ஓர் அலகுக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் கேட்கும். ஏன் இந்த வித்தியாசம்? மின்சாரத்துக்கென்று மட்டும் எரிக்கும்போது எரிபொருளின் பெரும்பங்கு குளிர்விக்கும் தண்ணீரில் போகிறது. சாயத் தொழிற்சாலையில் அந்தப் பெரும்பங்குக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது, அதன் செலவு துணியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. மின்சாரத்தின் கணக்கில் விழுவது அந்த 80 கிலோ மட்டும்.

இந்த லாபம் முழுக்க ஒரே நிபந்தனையில் நிற்கிறது. கீழே நீராவி வேண்டும் என்று யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். துணி இல்லை, சாயத் தொட்டி ஓடவில்லை என்றால் சுழலிக்குள் போகும் நீராவிக்குப் போக்கிடம் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த நேரத்தில் "மின்சாரம் வேண்டுமே" என்று சுழலியை ஓட்டி, மிச்ச நீராவியைக் கூரைக்கு மேலே திறந்துவிடுகிற ஆலைகளும் உண்டு. ஒரு தொழிற்சாலையின் கூரைக் குழாயில் நாள் முழுக்க வெள்ளை ஆவி சீறிக்கொண்டிருந்தால், அங்கே 400 கிராம் கணக்கு செத்துவிட்டது என்று வெளியில் நின்றே சொல்லிவிடலாம். அந்த நேரத்தில் மின்சார சபையிடம் வாங்குவதே மலிவு.

இனிப் பால் சங்கங்களிடம் வருகிறேன். உங்களுக்குச் சொல்லப்போவது அவ்வளவு இனிப்பாக இருக்காது.

நாளொன்றுக்கு 5,000 லீற்றர் பால் எடுக்கும் ஒரு நிலையம். பாதியைப் பாக்கெற் பாலாகவும் பாதியை யோகட், தயிராகவும் விற்கிறது என்று கொள்வோம். பாக்கெற் பாலை 72 பாகைக்கு ஏற்றி 15 வினாடி வைத்து இறக்குகிறோம். ஆனால் தட்டு வெப்பமாற்றியில், சூடாகி வெளியே வரும் பால்தான் குளிர்ந்து உள்ளே வரும் பாலைச் சூடாக்குகிறது. தேவையான வெப்பத்தில் 90 சதவீதம் இப்படித் திரும்பக் கிடைத்துவிடும், நீராவி கொடுப்பது மிச்சப் பத்து வீதத்தை மட்டும்தான். வெப்பத்தையும் மின்சாரத்தை அளக்கும் அதே அலகில் சொன்னால், 2,500 லீற்றருக்கு 20 அலகு வெப்பம் கூட வராது. யோகட்டுக்கான பாலை 90 பாகைக்கு ஏற்றி வைத்திருக்க வேண்டும், அது பெரும்பாலும் வெந்நீர் உறை உள்ள தொட்டியில் நடப்பதால் இந்த மீட்பு இல்லை. அங்கே 220 அலகு வெப்பம் போகும். குழாய்களையும் தொட்டிகளையும் கழுவும் வெந்நீருக்கு இன்னொரு 150, 160. குழாய் நட்டம், காலையில் குளிர்ந்த கொதிகலனை எழுப்பும் நட்டம் எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 550 அலகு வெப்பம், அதாவது ஒரு தொன் நீராவி. நன்றாகக் கவனியுங்கள், இந்த ஒரு தொன் ஒரு முழு நாளைக்கு. சாயத் தொழிற்சாலை இதன் நாலு மடங்கை ஒரு மணித்தியாலத்தில் கேட்கிறது.

அந்த ஒரு தொன்னை மேலே சொன்ன சுழலி வழியாக விட்டால், தாராளமாகக் கணக்குப் பார்த்தாலும், நாளுக்கு 50, 60 அலகு மின்சாரம் கிடைக்கும். காலையில் வரும் 5,000 லீற்றர் பாலை 30 பாகையிலிருந்து 4 பாகைக்குக் குளிர்விக்கக் குளிரூட்டி இயந்திரம் எடுக்கும் மின்சாரமே ஏறக்குறைய அவ்வளவு. குளிர் அறை, காற்றழுக்கி, பம்பிகள் எல்லாம் அதற்கு மேலே. இதற்காக 30 பார் கொதிகலன் வாங்கி, அதற்குத் தகுதி பெற்ற ஆளை இரண்டு முறைக்கு வைத்து, தண்ணீர்ச் சுத்திகரிப்புப் போட்டு... வேண்டாம். பால் நிலையத்துக்கு நீராவிச் சுழலி பொருந்தாது. இதை யாராவது விற்க வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் பால் நிலையத்துக்கு இந்த யோசனையே இல்லையா? வேறு உருவத்தில் இருக்கிறது. உங்கள் எல்லா நிலையங்களிலும் மின்வெட்டுக்காக வாங்கிய டீசல் மின்பிறப்பாக்கி ஒன்று பின்பக்கம் நிற்கிறது. 60 கிலோவாற் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையில் அது மணிக்கு 17 லீற்றர் டீசல் குடிக்கும். அந்த டீசலின் வெப்பத்தில் 35 சதவீதம் மின்சாரமாகிறது. நாலில் ஒரு பங்கு என்ஜினின் உறைத் தண்ணீரில் ஏறி, ரேடியேற்றர் விசிறியால் வெளியே வீசப்படுகிறது. 30 சதவீதம் புகைக்குழாய் வழியே போகிறது. அந்த உறைத் தண்ணீர் 80, 90 பாகையில் இருக்கிறது. உங்கள் கழுவும் தண்ணீருக்கு வேண்டியது 75 பாகை. ரேடியேற்றருக்குப் போகும் குழாயில் ஒரு தட்டு வெப்பமாற்றியை இடையில் வைத்தால் மணிக்கு 40 அலகுக்கு மேலே வெப்பம் இலவசமாகக் கிடைக்கும். 3,000 லீற்றர் கழுவும் தண்ணீர் நாலு மணித்தியாலத்தில் சூடாகிவிடும், கொதிகலனைத் தொடவே வேண்டியதில்லை.

புகையிலும் வெப்பம் இருக்கிறது. எடுப்பது கொஞ்சம் கடினம். புகை 400 பாகைக்கு மேலே வரும், அதை 160, 170 பாகைக்குக் கீழே குளிர விடக் கூடாது. டீசலில் உள்ள கந்தகம் அமிலமாகி வெப்பமாற்றியின் குழாய்களைத் தின்றுவிடும். சாண எரிவாயுவில் ஓடும் என்ஜின் என்றால் இன்னும் மோசம், அதிலும் கந்தகம் உண்டு. புகைக்கரியும் குழாயில் படியும். படிந்திருக்கிறதா என்பதை வெளியேறும் புகையின் வெப்பநிலையைத் தினமும் குறித்து வைத்தால் தெரிந்துகொள்ளலாம். அதே சுமையில் அது மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போனால் துடைக்கும் நாள் வந்துவிட்டது. முதலில் உறைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், புகையை அடுத்த கட்டமாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கேயும் ஒரு எல்லை இருக்கிறது. டீசல் விற்கிற விலையில், மின்சார சபை மின்சாரம் இருக்கும்போது வெந்நீருக்காக என்ஜினை ஓட்டுவது நட்டம். என்ஜின் ஓடுகிற மணித்தியாலங்கள் மின்வெட்டு நேரம் மட்டும் என்றால், வருடத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பாருங்கள். சில நூறு மணித்தியாலத்துக்கு ஒரு தட்டு வெப்பமாற்றி, ஒரு பம்பி, காப்புறையுள்ள ஒரு வெந்நீர்த் தொட்டி வரைக்கும் செலவழிக்கலாம். அதற்கு மேலே போகாதீர்கள். "கழிவுநீரில் எரிவாயு எடுத்து என்ஜினை ஓட்டலாமே" என்று கேட்பீர்கள். இந்த அளவு நிலையத்தின் கழிவுநீரில் நாளுக்கு 10, 12 கனமீற்றர் மீதேன் கிடைத்தால் அதிகம். அந்த 60 கிலோவாற் என்ஜின் அதை ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். மாட்டுச் சாணம் சேர்க்கலாம்தான், ஆனால் எங்கள் ஊரில் சாணத்துக்கு வெங்காயத் தோட்டக்காரர் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்.

இந்த மடலை இரண்டு பகுதியினருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனியாக நிற்கும் பால் நிலையத்துக்குச் சுழலி பொருந்தாது. ஆனால் ஒரு சாயத் தொழிற்சாலை பக்கத்துக் காணியில் வந்தால், பால் நிலையம் கொதிகலனே வைத்திருக்கத் தேவையில்லை. வலயத்தில் ஒரே கொதிகலன் வீடு, ஒரு சுழலி, இரண்டு தொழிற்சாலைக்கும் 4 பார் நீராவிக் குழாய். பால் நிலையத்தின் நாளொன்றுக்கு ஒரு தொன், சாயத் தொழிற்சாலைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பால் நிலையத்துக்கு அது ஒரு கொதிகலனின் விலையும், அதிகாலை 4 மணிக்கு விறகு போட வரும் ஓர் ஆளின் சம்பளமும். குழாய் நீளம் 200, 300 மீற்றருக்குள் இருக்க வேண்டும், காப்புறை நன்றாக இருக்க வேண்டும், வேலை முடிந்த நீராவி குளிர்ந்து ஆகும் ஒடுக்கத் தண்ணீர் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையின் அளவுள்ள இடத்தில் இது சாதாரணமாக ஆகும். வலயத்தின் வரைபடம் போடும்போதே பக்கத்தில் பக்கத்தில் காணி ஒதுக்கினால்தான் முடியும். பால் நிலையம் ஒரு மூலையிலும் சாயத் தொழிற்சாலை மறு மூலையிலும் போன பிறகு பேசிப் பயனில்லை.

இனி, யாழ்ப்பாணத்தில் இந்தத் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடிய இரண்டு விஷயங்கள். தண்ணீரும் உமியும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. கேத்திலின் உள்பக்கம் பார்த்தால் தெரியும். 10 பார் கொதிகலனுக்கு மென்நீராக்கி போட்டுச் சமாளித்துவிடலாம். அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும். கொதிகலன் குழாயில் சுண்ணாம்பு படியாது. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு குறையவில்லை, கடலோரப் பக்கத்துக் கிணறுகளில் குளோரைட் வேறு நிறைய. 30 பாரில் மிகைவெப்பக் குழாயும் சுழலியும் வரும்போது இது போதாது. கொதிகலனுக்குள் உப்புச் செறிந்தால் தண்ணீர் நுரைக்கும், நுரையோடு உப்பு நீராவியில் ஏறிப் போய்ச் சுழலியின் தகடுகளில் வெள்ளையாய்ப் படியும். அதே அளவு நீராவிக்கு மின்சாரம் குறைந்துகொண்டே வரும், சுழலியின் உட்பக்க அழுத்தம் ஏறிக்கொண்டே வரும். இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே 30 பாருக்குப் போவதென்றால் ஆர்.ஓ. வடிகட்டி கட்டாயம். அதன் கழிவுத் தண்ணீரையும், மென்நீராக்கியைக் கழுவும் உப்புத் தண்ணீரையும் எங்கே விடப் போகிறீர்கள் என்று விலைமனுவில் எழுதிக் கேளுங்கள். சுண்ணாம்புக் கல் நிலத்தில் ஒரு குழி தோண்டி விட்டால் அது நேரே அடுத்த வீட்டுக் கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் வந்த கதை நடந்த ஊர் இது. மக்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர் விலை கூடியது என்பதால் ஒடுக்கத் தண்ணீரைத் திரும்ப எடுப்பது இங்கே இரண்டு மடங்கு முக்கியம். திரும்பி வரும் தண்ணீர் 80, 90 பாகையில் வரும், உப்பும் இருக்காது. ஆனால் அது சுத்தமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். சாயத் தொட்டிக்குள் இருக்கும் நீராவிச் சுருளில் ஓட்டை விழுந்தால், தொட்டி குளிரும்போது சாயத் தண்ணீரைச் சுருள் உள்ளே இழுத்துக்கொள்ளும். பால் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் கொழுப்பும் பாற்சீனியும் வரும். கொழுப்பு நுரையைக் கிளப்பும், கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் நிலை கொள்ளாமல் துள்ளும். பாற்சீனி கொதிகலனுக்குள் அமிலமாகி இரும்பை அரிக்கும். கொதிகலனின் அடியில் சேரும் அடிநீரைத் திறந்துவிடும்போது கருகின சீனி வாசனை அடித்தால் உடனே திரும்பும் தண்ணீரை வெளியே மாற்றிவிட்டு ஓட்டையைத் தேடுங்கள். திரும்பும் குழாயில் ஒரு மின்கடத்துதிறன் மானி வைத்து, அளவு தாண்டினால் தானே வெளியே கொட்டும் வால்வு ஒன்றைப் போட்டால் சாயம், உப்பு இரண்டையும் பிடிக்கும். பாற்கொழுப்பையும் பாற்சீனியையும் அது சரியாகப் பிடிக்காது. அதற்கு மூக்கும் கண்ணும்தான்.

உமி விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன சாயத் தொழிற்சாலை நாளுக்கு 16 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 5,000 தொன் உமி வேண்டும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆக 25,000 தொன் நெல் குற்றப்பட வேண்டும், அதன் உமி முழுக்க உங்களுக்கு வர வேண்டும். வராது. நாங்கள் சாப்பிடுவது புழுங்கல் அரிசி. கிளிநொச்சி, வவுனியா ஆலைகள் நெல்லை அவிக்கத் தங்கள் உமியையே எரிக்கின்றன. மிச்சம் உண்டு, ஆனால் காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் குவியும், ஐப்பசி, கார்த்திகையில் தட்டும், அப்போதுதான் மழையும் பெய்யும். உமி ஒரு கனமீற்றருக்கு 100, 120 கிலோதான் நிறுக்கும். நாளுக்கு 16, 17 தொன் என்றால் 150 கனமீற்றர், நாலைந்து லொறி. அதோடு எரிந்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அது சிலிக்கா நிறைந்த சாம்பல், மணல் தாள்போலக் குழாயை உராய்ந்து மெல்லியதாக்கும். ஆகவே உமி மட்டுமே எரியும் கொதிகலனை வாங்காதீர்கள். கிளிரிசீடியா, சவுக்கு விறகுச் சிராயும் எரிக்கக்கூடிய தணல் தட்டு உள்ளதாகக் கேளுங்கள். வேலியில் வெட்டிய பச்சைக் கிளிரிசீடியாவில் பாதி தண்ணீர். அதை 20, 25 சதவீதத்துக்கு உலர்த்த ஒரு கொட்டகை வேண்டும். அந்தக் கொட்டகை திட்டச் செலவில் வர வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விடும் விஷயம் இல்லை.

ஓட்டத்தில் வரும் ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. சுழலி வைத்த பிறகும் பழைய அழுத்தக் குறைப்பு வால்வைக் கழற்றுவதில்லை. சுழலி பழுதானால் ஆலை நிற்கக் கூடாது என்று அதைப் பக்கவழியில் வைத்திருப்பார்கள். அது சரிதான். ஆனால் இரண்டும் ஒரே 4 பார்க் குழாயில்தான் திறக்கின்றன. வால்வை 4 பாருக்கும், சுழலியின் வெளியேற்றத்தை 3.9 பாருக்கும் வைத்துவிட்டால், அழுத்தம் சற்று இறங்கின உடனே வால்வு முந்திக்கொண்டு திறக்கும். சுழலிக்கு வேலை குறையும். நான் இருந்த ஆலையில் ஒரு கட்டத்தில் சுழலி மாதக்கணக்காகப் பாதிச் சுமையில் ஓடியது. கருவி மேசையில் எல்லாமே பச்சை விளக்கு. வால்வுக்குக் கீழே உள்ள குழாயில் ஒரு சாதாரண வெப்பமானியைக் கட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூடியிருக்க வேண்டிய வால்வின் கீழ்க்குழாய் ஆற வேண்டும், அது ஆறவே இல்லை. வால்வைச் சுழலியை விட 0.3 பார் கீழே வைத்தோம். அன்றே மின்சாரம் ஏறியது. சுழலியிலிருந்து வரும் நீராவி 200 பாகைக்கு மேலே மிகைவெப்பமாக இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பால் தொட்டிக்குப் போகுமுன் தண்ணீர் தெளித்து அதை ஈர நீராவி வெப்பநிலைக்கு இறக்க வேண்டும். அந்தத் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீராக இருக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரைத் தெளித்தால் குழாய்க்குள்ளேயே சுண்ணாம்பு வரும்.

மின்சார சபையின் கம்பியோடு சேர்ந்து ஓடுவதைப் பற்றிக் கொஞ்சம் மட்டும். சபையின் மின்சாரம் போன மறுகணம் சுழலி கம்பியிலிருந்து பிரிந்து உள்ளே தனித்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு உயிராபத்து. பிரிந்த பிறகு உள்ளே 400 கிலோவாற் சுமை இருக்க, சுழலியில் 215தான் இருக்கிறது என்றால் அதுவும் விழுந்துவிடும். எந்த இயந்திரங்களை முதலில் தானாக நிறுத்துவது என்று முன்கூட்டியே வரிசை போட்டு ரிலேயில் எழுதி வைக்க வேண்டும். பால் குளிர் அறை அந்த வரிசையில் கடைசியாக இருக்கட்டும்.

சரி, இப்போது செய்யக்கூடியது என்ன? உங்களிடம் நீராவி மானி இருக்காது. பரவாயில்லை. கொதிகலனுக்குள் போன தண்ணீர்தான் நீராவியாக வெளியே வருகிறது. ஊட்டுநீர்த் தொட்டி ஒவ்வொரு கொதிகலன் பக்கத்திலும் இருக்கிறது. அது ஒரு மீற்றருக்கு 1.2 மீற்றர் அளவுள்ள தொட்டி என்றால், மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் 120 லீற்றர், அதாவது 120 கிலோ நீராவி. அளக்கும் நேரத்தில் தொட்டிக்கு வரும் தண்ணீரை மூடிவிடுங்கள், ஒடுக்கத் தண்ணீர் வரும் குழாயையும் வேறு வாளிக்கு மாற்றி அதைத் தனியே அளந்துகொள்ளுங்கள், அடிநீரைத் திறந்துவிடும் நேரத்தைக் குறித்து அந்தக் கால்மணியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கால்மணிக்கு ஒரு முறை ஒரு தடியில் மட்டம் பார்த்துக் கொப்பியில் எழுதினால் போதும். பொயிலர்காரருக்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. பக்கத்து நிரலில் அதே கால்மணிக்கு மின்சார மானியின் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் சாதாரண நாட்களில் எழுதுங்கள். அப்புறம் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு வாரம் எழுதுங்கள், தயிரும் யோகட்டும் அப்போது எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவதாக மழைக் காலத்தில் ஒரு வாரம், விறகு நனைந்திருக்கும் நேரத்தில். இந்த மூன்று வாரத்துக் கால்மணிக் கணக்கையும் ஒரு தாளில் வரைந்தால், நாளில் எந்த நேரத்திலும் அறாமல் ஓடும் அடிமட்ட நீராவி எவ்வளவு என்று தெரியும். சுழலியின் அளவு அந்த அடிமட்டத்துக்குத்தான், உச்சத்துக்கு இல்லை. உச்சத்துக்கு மிச்ச நீராவியை அந்தப் பக்கவழி வால்வு கொடுக்கட்டும்.

அந்தத் தாளின் பிரதி ஒன்றை விலைமனு கேட்கும் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். "இந்த நீராவிக் கணக்குக்கு, எங்கள் 4 பார் வெளியேற்ற அழுத்தத்தில், உங்கள் இயந்திரம் மாதத்துக்கு எத்தனை அலகு தரும், கூடுதலாக எத்தனை கிலோ எரிபொருள் கேட்கும்? இரண்டையும் கையெழுத்திட்டு உத்தரவாதமாகத் தாருங்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பால் சங்கங்களின் தாளில் அடிமட்டக் கோடு பெரும்பாலும் பூச்சியத்தைத் தொடும். அப்படித் தொட்டால் சுழலிக் கதையை மூடிவிட்டு, பின்பக்கம் நிற்கும் டீசல் என்ஜினின் ரேடியேற்றர் குழாயைப் பாருங்கள், அல்லது வலய அதிகாரிகளிடம் சாயத் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் காணியைக் கேளுங்கள்.

கணக்கெழுத யாருக்காவது உதவி வேண்டுமானால் சங்கத்தின் மூலம் சொல்லி அனுப்புங்கள், கொப்பியை நானே கோடு போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொதிகலன் பொறுப்பாளர் ஒருவர்,
கோண்டாவில்